சப்பாத்தில் பூத்த உப்பை வெளியே எடுத்த விதம்

கடந்த பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ரொறன்ரோ நகர மையத்தில் உள்ள அலுவலகத்திலிருந்து ஸ்காபரோவுக்குத் திரும்பி வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றியபோது, அதன் இரு பக்கங்களிலும் அலை வடிவில் ஒரு வெள்ளைக் கோடு ஓடியிருப்பதைக் கண்டேன். கன்றுத்தோலால் செய்த கறுப்பு ஒக்ஸ்போர்ட் சப்பாத்து அது. அன்று காலையில் உறைபனி சற்று இளகியதால், நடைபாதையில் தூவியிருந்த உப்பும் கரைந்த பனியும் சேர்ந்து கணுக்கால் வரை தெறிக்கும் சாம்பல் நிறச் சேறாகக் கிடந்தது. பேருந்துத் தரிப்பிடத்திலிருந்து கென்னடி நிலையத்து வாசல் வரை அந்தச் சேற்றினூடாகத்தான் நடந்தேன். சப்பாத்து நனைந்தது காலையில். கோடு தெரிந்தது மாலையில். இடைப்பட்ட எட்டு மணி நேரமும் அது அலுவலக மேசைக்கடியில், சூடான காற்று வரும் துவாரத்துக்கு அருகில் காய்ந்துகொண்டிருந்தது.

அன்றிரவு நான் செய்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பின்னர் செய்த வேலை முழுவதும் அந்தப் பிழையைச் சீராக்கியதாகவே அமைந்தது. ஈரத்துணியால் வெள்ளைக் கோட்டின் மேல் மட்டும் நன்றாகத் துடைத்தேன். கோடு உடனே மறைந்தது. சப்பாத்தை ஹீற்றருக்கு முன்னால் ஒரு மணி நேரம் வைத்துக் காயவிட்டு, மெழுகுப் பொலிஷ் பூசித் தேய்த்து மினுக்கிவிட்டுப் படுத்தேன். திங்கட்கிழமை காலையில் எடுத்துப் பார்த்தபோது, பழைய கோடு இருந்த இடத்தில் மங்கலான வெண்மையும், அதற்கு அரை அங்குலம் மேலே புதிதாக இன்னொரு கோடும் தெரிந்தன. புதிய கோடு மெழுகின் கீழிருந்து எழுந்திருந்தது. விரல் நுனியால் தடவினால் தோல் அந்த இடத்தில் சிறு வரப்புப் போலப் புடைத்திருப்பது தெரிந்தது.

எங்களுடன் இருக்கும் அம்மா அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “தம்பி, கிணத்தடிச் சீமெந்திலை உப்புப் பூக்கிற மாதிரியெல்லோ கிடக்குது. மேலால துடைச்சால் அது போகாது” என்றார். தோல் வேலை தெரிந்த எவரும் அதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க முடியாது. உவர்த் தண்ணீர் ஊறிய சீமெந்தில் நடப்பதும் சப்பாத்தில் நடப்பதும் ஒன்றுதான். உப்பைச் சுமந்துகொண்டு நீர் உள்ளே போகிறது. காயும்போது நீர் மட்டும் ஆவியாகிறது. உப்பு எந்த இடத்தில் நீர் ஆவியானதோ அந்த இடத்திலேயே படிகமாகத் தங்குகிறது. தோலில் ஈரமான பகுதியும் உலர்ந்த பகுதியும் சந்திக்கும் எல்லையில்தான் ஆவியாதல் மிகுதியாக நடப்பதால், கறை பரவலாக இல்லாமல் கோடாக அமைகிறது. படிகங்கள் வளரும்போது தோலின் நார்களை விலக்கித் தள்ளுவதால் அந்தக் கோடு புடைக்கவும் செய்கிறது.

இதை மனத்தில் கொண்டால் என்னுடைய முதல் முயற்சி ஏன் தோற்றது என்பது விளங்கும். வீதியில் தூவப்படும் உப்பு பெரும்பாலும் நாம் உணவில் சேர்க்கும் சோடியம் குளோரைட்டேதான். 100 மில்லிலீற்றர் நீரில் ஏறத்தாழ 36 கிராம் கரையும் பொருள் அது. ஆகவே அதைக் கரைப்பது ஒருபோதும் கடினமில்லை, வெறும் நீரே போதும். கரைந்த உப்பை எங்கே போகவிடுகிறோம் என்பதே கேள்வி. நான் ஈரத்துணியால் துடைத்தபோது உப்பின் ஒரு சிறு பகுதி துணிக்கு வந்தது, மீதி நீரோடு தோலுக்குள் இறங்கியது. ஹீற்றர் அதை விரைவாகக் காயவைத்து, நான் நனைத்த பகுதியின் புதிய எல்லையில் கொண்டுபோய் நிறுத்தியது. அதன் மேல் மெழுகையும் பூசி மூடிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை காலையில் வேலையை முறையாகத் தொடங்கினேன். அதற்கு முன், அது உண்மையில் உப்புத்தானா என்பதை உறுதிசெய்துகொண்டேன், ஏனெனில் தோலில் வெண்மையாகத் தெரியும் எல்லாமே உப்பு அல்ல. தோலுக்குள் ஊட்டப்பட்ட கொழுப்பும் குளிர்காலத்தில் மேலெழுந்து வெண்பொடி போலப் படிவதுண்டு. தலைமுடி உலர்த்தியின் இளஞ்சூட்டைச் சில நொடிகள் காட்டினால் அது உருகி மறைந்துவிடும், உப்பு மறையாது. பூஞ்சணம் பஞ்சு போலப் புள்ளிகளாக இருக்கும், முகர்ந்தால் மக்கிய வாடை வரும். உப்போ ஈரம் பட்டவுடன் மறைந்து, காய்ந்ததும் அதே இடத்திலோ அருகிலோ திரும்பி வரும். என்னுடையது மூன்றாவது வகை என்பதில் ஐயமிருக்கவில்லை.

லேஸை அவிழ்த்தெடுத்து வெந்நீரில் ஊறவைத்தேன். அதிலும் உப்பு இருக்கும். உலர்ந்த குதிரைமயிர் பிரஷால் மேற்பரப்பு முழுவதையும் துலக்கிவிட்டு, மேல்தோலையும் அடியையும் இணைத்துத் தைத்திருக்கும் வெல்ற் எனப்படும் தோல் விளிம்பை, பழைய பல் துலக்கும் பிரஷால் தையலுக்குத் தையல் துலக்கினேன். அந்தப் பள்ளத்திலிருந்து உதிர்ந்த சாம்பல் நிறப் பொடியைப் பார்த்தபோதுதான், கண்ணுக்குத் தெரிந்த கோட்டைவிட அங்கே தேங்கியிருந்ததே அதிகம் என்பது புரிந்தது. இந்த உலர் துலக்கலை யாரும் தவிர்க்கக் கூடாது, ஏனெனில் உலர்ந்த நிலையில் வெளியேறும் உப்பு ஒன்று மட்டுமே தோலுக்குள் மீண்டும் இறங்க வழியில்லாத உப்பு.

அடுத்து, நானே பூசி மூடிய மெழுகை எடுக்க வேண்டியிருந்தது. மெழுகு இருக்கும் வரை ஈரம் உள்ளே சீராகப் போகாது, உப்பும் வெளியே வராது. தோலுக்கான மென்மையான துப்புரவு நீர்மத்தைத் துணியில் சிறிது எடுத்து, அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்து, துணியில் கறுப்பு வருவது குறையும் வரை மூன்று முறை துடைத்தேன். தோல் பளபளப்பை இழந்து சற்று மங்கிய கருமையாக மாறியது; அப்படி மாறுவதே மெழுகு போய்விட்டதன் அடையாளம். ஒரு சொட்டு நீரை விட்டுப் பார்த்தேன். முன்பு முத்தாக நின்ற சொட்டு, இப்போது மெல்லப் பரவியது.

வினாகிரிக் கரைசலை 60 மில்லிலீற்றர் வெள்ளை வினாகிரியும் 120 மில்லிலீற்றர் வடித்த நீரும் சேர்த்துத் தயாரித்தேன். கடையில் வாங்கும் வெள்ளை வினாகிரியில் அசற்றிக் அமிலம் 5 விழுக்காடு அளவில் இருக்கும். இவ்வாறு கலந்தால் அது மூன்றில் ஒன்றாகிவிடும். பலரும் சரிக்குச் சரி கலப்பார்கள், நான் அவ்வளவு கடுமையாகக் கலப்பதில்லை. சோடியம் குளோரைட்டைக் கரைக்க வினாகிரி தேவையில்லை என்று மேலே சொன்னேன், ஆனாலும் அதைச் சேர்க்கக் காரணம் உண்டு. நடைபாதைச் சேற்றில் சீமெந்தின் சுண்ணாம்புத் தூளும் கலந்திருக்கும். அது நீரில் கரையாது, அமிலத்தில் கரையும். மேலும் பதனிட்ட தோல் இயல்பாகவே சற்று அமிலத் தன்மை கொண்டது, ஆகவே மெல்லிய அமிலம் அதற்கு அந்நியமன்று. காரச் சோப்பு அதற்கு அதிகத் தீங்கு செய்யும். வடித்த நீரைப் பயன்படுத்தியதற்குக் காரணம், குழாய் நீரில் இருக்கும் கனிமங்களையும் தோலுக்குள் சேர்க்க வேண்டாம் என்பதே. கரைசலைச் சப்பாத்தின் நாக்கின் உட்புறத்தில் தொட்டுப் பார்த்து, நிறம் இளகாததை அறிந்த பிறகே வெளியே தொட்டேன். பழுப்பு நிறச் சப்பாத்து வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சோதனை மிகவும் முக்கியம், ஏனெனில் வெளிர்த் தோலில் வினாகிரி கருமையான திட்டுகளை விட்டுச் செல்லக்கூடும்.

இப்போது, கோட்டைத் தொடுவதற்கு முன்னரே, வெறும் வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு சப்பாத்துகளையும் முழுவதுமாக, முனையிலிருந்து குதி வரை ஒரே அளவு ஈரமாகும்படி துடைத்தேன். முதல் முயற்சியில் இதைச் செய்யாமல் விட்டதே என் பிழை. தோல் முழுவதும் ஈரமாக இருந்தால் ஈரத்துக்கும் உலர்வுக்கும் இடையே எல்லை இருக்காது. எல்லை இல்லாவிட்டால் புதிய கோடும் தோன்றாது. துணி சொட்டக் கூடாது, கையில் பிழிந்தால் ஒரு துளியும் விழாத அளவுக்கே ஈரம் இருக்க வேண்டும்.

பழைய பருத்தி ரீசேர்ட் ஒன்றை உள்ளங்கையளவு துண்டுகளாக வெட்டி வைத்திருந்தேன். ஒரு துண்டைக் கரைசலில் நனைத்துப் பிழிந்து, கோட்டின் வெளி விளிம்பிலிருந்து உட்பக்கமாக ஒற்றி எடுத்தேன், தேய்க்கவில்லை. ஒவ்வொரு நான்கைந்து ஒற்றலுக்கும் துணியின் சுத்தமான பக்கத்தைத் திருப்பினேன். ஒரே துணியால் தொடர்ந்து துடைத்தால், ஓரிடத்தில் எடுத்த உப்பையே இன்னோரிடத்தில் வைக்கிறோம். இரண்டு சப்பாத்துகளுக்கும் சேர்த்துப் பதினொரு துண்டுகள் முடிந்தன. கடைசியில் வெறும் நீர்த் துணியால் ஒருமுறை முழுவதும் துடைத்து வினாகிரியை அகற்றினேன்.

துடைத்தெடுப்பதில் மேற்பரப்பு உப்பு போய்விடும், ஆழத்தில் இறங்கியது போகாது. அதற்கு நான் பயன்படுத்தியது காகிதப் பற்று. சமையலறைக் காகிதத் துவாயை இரண்டு மடிப்பாக்கி, வடித்த நீரில் நனைத்து, மெல்லப் பிழிந்து, வெல்ற்றிலிருந்து கோட்டுக்கு இரண்டு அங்குலம் மேல் வரை, காற்று இடைவெளி இல்லாதபடி தோலோடு ஒட்டி விரல்களால் அழுத்திவிட்டேன். பிறகு அதைத் தொடாமல் இரவு முழுவதும் காயவிட்டேன். நீர் தோலின் மேற்பரப்பில் ஆவியாகாமல் காகிதத்தின் மேற்பரப்பில் ஆவியாகிறது என்பதே இதன் சூட்சுமம். உப்பும் அந்த நீரோடு தோலைவிட்டு வெளியேறி, காகிதத்தில் படிகமாகிறது. கற்சிற்பங்களிலும் பழைய சுவர்களிலும் ஏறிய உப்பைப் பாதுகாப்பு வல்லுநர்கள் எடுப்பதும் இதே வழியில்தான். ஞாயிறு காலை உரித்தெடுத்த காகிதம் அட்டை போல விறைத்திருந்தது, அதன் வெளிப்புறத்தில் வெண்மையான படிவும் இருந்தது. முதற்கோடு இருந்த இடத்துக்கு நேரே அந்தப் படிவு மிகத் தடிப்பாக இருந்ததைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட நிறைவு சிறியதன்று.

அன்று பகலில் இன்னொரு முறை பற்றுப் போட்டேன். இரண்டாவது காகிதத்தில் மிக மெல்லிய படிவே இருந்தது. அதற்கு மேல் போடத் தேவையில்லை என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன். பற்றை எடுத்தவுடன் தோல் இன்னும் இலேசான ஈரத்துடன் இருக்கும் அந்த வேளையில்தான் புடைத்த வரப்பைத் தணிக்க முடியும். உள்ளே சப்பாத்து வடிவிலான சீடர் மரக் கட்டையை இறுக வைத்து, ஒரு தேக்கரண்டியின் முதுகுப் பக்கத்தால், வரப்பின் நீளவாக்கில், வெண்ணெய் தடவுவது போல நிதானமாக அழுத்தி வழித்தேன். சிறுவிரலுக்கு மேலுள்ள இடத்தில் ஏறத்தாழ கால் மணி நேரம் இவ்வாறு செய்ய வேண்டியிருந்தது. உலர்ந்த தோலில் இதைச் செய்தால் மேற்பரப்பு நசிந்து மினுங்கும் தழும்பாகிவிடும்.

பின்னர் உலரவிடும் பொறுமை தேவைப்பட்டது. கட்டையை எடுத்துவிட்டு, அச்சடிக்காத வெள்ளைக் காகிதத்தைக் கசக்கி உள்ளே நிரப்பினேன். வழக்கமாக வீட்டில் சேரும் இலவசத் தமிழ்ப் பத்திரிகைகளையே இதற்குப் பயன்படுத்துவேன், ஆனால் இந்தச் சப்பாத்தின் உட்தோல் வெளிர் நிறம் என்பதால் மை ஒட்டிவிடும் என்று தவிர்த்தேன். முதல் மூன்று முறை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை காகிதத்தை மாற்றி, காகிதம் ஈரமில்லாமல் வரத் தொடங்கியதும் மரக் கட்டையை மீண்டும் வைத்து, தோலாலான அடிப்பகுதிக்கும் காற்றுப் படும்படி சப்பாத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, ஹீற்றரிலிருந்து தொலைவில், அறை வெப்பத்தில் செவ்வாய் காலை வரை விட்டேன்.

செவ்வாய்க்கிழமை பார்த்தபோது இரண்டு பக்கங்களும் தெளிவாக இருந்தன; வலது சப்பாத்தின் வெல்ற் தையலில் மட்டும் நூல் போன்ற வெண்மை மீண்டிருந்தது. தையற் துளைகள் உப்பை நீண்டநேரம் பிடித்து வைத்திருக்கும். அந்த விளிம்பை மட்டும் கரைசலில் தொட்ட பல் பிரஷால் துலக்கி, காகிதத்தை நீளத் திரியாக முறுக்கி நனைத்துப் பள்ளத்தில் பதித்து மறுநாள் வரை விட்டேன். கடும் குளிரில் தூவப்படும் கல்சியம் குளோரைட்டு, மக்னீசியம் குளோரைட்டு ஆகியவற்றைப் பற்றியும் இங்கே ஒரு சொல் சேர்க்க வேண்டும். இவை காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பவை. ஆகவே வெண்மையாகப் பூக்காமல், தோலில் என்றும் உலராத ஒரு கருந்திட்டாகவோ பிசுபிசுப்பாகவோ தங்கக்கூடும். இரண்டு நாட்கள் காய்ந்த பிறகும் ஓரிடம் தொடுகைக்குக் குளிர்ந்து இருந்தால், வெள்ளை தெரியாவிட்டாலும் அங்கே உப்பு இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். என்னுடையதில் அப்படி எதுவும் இல்லை.

புதன் இரவில், தோல் முழுதாக உலர்ந்த பின், தோலுக்கு எண்ணெய்ப் பசை ஊட்டும் கொண்டிஷனர் பூசினேன். நீரும் உப்பும் வினாகிரியும் தோலில் இருந்த எண்ணெய்ப் பசையைக் குறைத்திருந்தன என்பது, பாதம் மடியும் இடத்தில் தோல் காகிதம் போலச் சரசரத்ததிலிருந்தே தெரிந்தது. ஒரு சப்பாத்துக்குக் கொண்டைக்கடலை அளவு எடுத்து, விரலைத் துணியால் சுற்றித் தடவி, மடியும் இடத்துக்கு மட்டும் சிறிது கூடுதலாகக் கொடுத்து, இரவு முழுவதும் ஊறவிட்டேன். அதிகம் பூசினால் தோல் தளர்ந்து, மேலே வரும் பொலிஷும் பிடிக்காது. ஈரம் இருக்கும்போது பூசினால், உள்ளே மிச்சமிருக்கும் ஈரத்தையும் உப்பையும் சேர்த்து மூடிவிடும்; ஆகவே எவ்வளவு அவசரமென்றாலும் இந்தக் கட்டத்தை முன்னே இழுக்கக் கூடாது.

வியாழனன்று பொலிஷுக்கு வந்தேன். கறுப்புக் கிறீம் பொலிஷும் மெழுகுப் பொலிஷும் ஒரே வேலையைச் செய்வன அல்ல. கிறீமில் நிறமியும் எண்ணெயும் அதிகம். அது தோலுக்குள் இறங்கி, வெளுத்த இடத்துக்கு நிறம் தரும். மெழுகு மேலே நின்று மினுக்கத்தையும் நீர் புகாத காப்பையும் தரும். முதலில் கிறீமை மிக மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரம் விட்டு, குதிரைமயிர் பிரஷால் நீண்ட வீச்சுகளாகத் துலக்கினேன். பழைய கோடு இருந்த இடம் இன்னும் சற்றுச் சாம்பலாகத் தெரிந்ததால் இரண்டாவது தடவையும் பூசினேன். அதன் பின் நிறம் ஒன்றாகிவிட்டது.

மெழுகை முனைப் பகுதியிலும் குதியிலும் மட்டும் அடுக்கடுக்காக ஏற்றினேன். இந்த இரண்டு இடங்களிலும் உள்ளே விறைப்பான அடுக்கு வைத்துத் தைத்திருப்பதால் தோல் மடியாது, மெழுகும் வெடிக்காது. துணியை விரலில் இறுகச் சுற்றி, மெழுகைத் தொட்டு, ஒரே ஒரு துளி நீர் விட்டு, சிறு வட்டங்களாக அழுத்தமின்றிச் சுற்றிக்கொண்டே இருந்தால், ஐந்தாறு அடுக்குகளுக்குப் பின் மங்கல் விலகிக் கண்ணாடி போன்ற மினுக்கம் எழும். மெழுகு மிகுந்தால் மேற்பரப்பு புகை படிந்தது போலாகிவிடும். அப்போது மெழுகைக் கூட்டாமல் நீரைத் தொட்டுச் சுற்ற வேண்டும். மடியும் இடத்தில் இவ்வாறு அடுக்கினால் இரண்டு நாளில் வெண்கீறல்கள் தோன்றி, மீண்டும் உப்பு வந்துவிட்டதோ என்று மருள வைக்கும். அங்கே ஒரே ஒரு மெல்லிய பூச்சுப் போதும். வெல்ற் பள்ளத்துக்குள் மட்டும் பல் பிரஷால் மெழுகைத் தாராளமாகத் திணித்தேன், அடுத்த தெறிப்பு முதலில் தங்குவது அங்கேதான்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. ஸ்வேட் எனப்படும் மென்மயிர்த் தோலுக்கு இதே ஒழுங்கு பொருந்தாது; கிறீமும் மெழுகும் அதன் மயிரையே கெடுத்துவிடும். ஒரு பனிக்காலம் முழுவதும் உப்பை எடுக்காமல் விட்ட சப்பாத்தில் தோலின் மேற்பரப்பு வெடித்திருந்தால், உப்பை எடுக்கலாமே தவிர வெடிப்பை மூட முடியாது. என் வலது சப்பாத்திலும் சிறுவிரலுக்கு மேல் இருந்த வரப்பு முழுவதாகத் தணியவில்லை. யன்னலருகே சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் இன்றும் மெல்லிய நிழலாகத் தெரிகிறது. முதல் இரவிலேயே சரியாகச் செய்திருந்தால் அதுவும் இருந்திருக்காது என்றே எண்ணுகிறேன்.

பொலிஷ் போட்டு முடித்த மறுநாள் முதல் வாசலில் ஒரு சிறு கிண்ணத்தில் வடித்த நீரும் அருகில் வெட்டிய துணித் துண்டுகளும் இருக்கின்றன. வீட்டுக்குள் கால் வைத்தவுடன், தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, முனையிலிருந்து குதி வரை ஒருமுறையும் வெல்ற்றைச் சுற்றி ஒருமுறையும் துடைக்கிறேன். இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை. மறுநாள் இன்னொரு சோடியை அணிகிறேன். மார்ச் மாத இறுதி வரை ஏழு தடவைகள் அந்தச் சப்பாத்து உப்புச் சேற்றில் நனைந்தது. ஒருமுறை மட்டும், அலுவலகத்தில் தாமதமாகி நனைந்த சப்பாத்துடனேயே இருந்த நாளில், குதியோரத்தில் ஓர் அங்குல நீளத்துக்குக் கோடு பூத்தது. அதற்கு ஓர் இரவுப் பற்றுப் போதுமாக இருந்தது.